மேட்டுப்பாத்தியில் வேர் ஏன் கீழே இறங்குவதில்லை?

சின்ன முற்றத்தில் முக்கால் அடி உயரத்துக்குப் பாத்தி கட்டினால், செடிக்குக் கிடைக்கும் மண் அந்த முக்கால் அடி மட்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கீரைக்கு அது போதும். தக்காளி, கத்தரி, வெண்டைக்குப் போதாது. அவற்றின் வேர் பாத்தியைத் தாண்டி அடியில் இருக்கும் தரைக்குள் போக வேண்டும். தாழ்வான பாத்தியில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வழியை அடைப்பவைதான்.

6 அடி நீளம், 3 அடி அகலம் உள்ள ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். செங்கல்லைப் படுக்கவைத்து மூன்று வரிசை அடுக்கினால் ஏறக்குறைய 9 அங்குல உயரம் வரும். அதற்குமேல் கட்டினால் மண் செலவு கூடும், வெயிலில் பக்கச்சுவர் சூடேறி ஓரமெல்லாம் சீக்கிரம் காயும். உயரத்தை முடிவுசெய்யும் முன் அந்த இடத்தில் ஒரு அடி ஆழக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடிந்துவிட்டால் 9 அங்குலம் போதும். மறுநாளும் தண்ணீர் நின்றால் அது இறுகிய களிமண். அங்கே இன்னொரு வரிசை ஏற்றி 12 அங்குலமாக்குவது நல்லது.

அடுத்து, தரையைக் கொத்தாமல் மண்ணைக் கொட்டுவது. வீடு கட்டிய மனையில் மேல்மண் லாரியும் ஆளும் மிதித்து இறுகியிருக்கும், கலவைத் துண்டும் ஜல்லியும் கலந்திருக்கும். மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, அவற்றையும் கோரைக்கிழங்கையும் பொறுக்கி எடுத்த பிறகுதான் செங்கல் அடுக்க வேண்டும். கோரைக்குப் பயந்து அடியில் தார்ப்பாய் விரிப்பவர்கள் உண்டு. அது வேரையும் தடுக்கும், மழைநீரையும் தேக்கும். சாதாரணப் புல்லுக்கு நாலைந்து தாள் கனத்தில் செய்தித்தாள் விரித்தாலே போதும், அது தானாக மக்கிவிடும்.

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. உண்மையில் நடப்பது நேர்மாறு. பொடி மண்ணில் இருக்கும் தண்ணீர், பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் அவ்வளவு எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டும். அதாவது ஜல்லிக்கு மேலேயே ஒரு சதுப்பு உருவாகிறது, வேர் அங்கே அழுகுகிறது. தண்ணீர் வடிய வேண்டுமென்றால் கீழ்வரிசைச் செங்கல்லுக்கு நடுவே விரல் அளவு இடைவெளி விட்டு, கலவை பூசாமல் வையுங்கள்.

மரக்கட்டை, தென்னை மட்டை என்று அடியை நிரப்புவதும் இவ்வளவு குறைந்த உயரத்துக்கு ஒத்துவராது. அவை மக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். செடி வெளிறி நிற்கும். கட்டைக்குக் கரையானும் வரும். இந்தப் பாத்திக்கு, சிமென்ட் சாக்கு அளவில் சுமார் 12 சாக்கு கலவை தேவைப்படும்: 6 சாக்கு செம்மண், 4 சாக்கு நன்கு மக்கிய தொழு உரம், 2 சாக்கு ஆற்று மணல். இதில் தொழு உரத்தைத்தான் கவனித்து வாங்க வேண்டும். குவியலுக்குள் கைவிட்டால் சூடாக இருந்தாலோ, மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தாலோ அது இன்னும் மக்கவில்லை. தேயிலைத்தூள் போல உதிர்ந்து மண்வாசம் வருவதே சரியான பதம். மூன்றையும் முதலிலேயே ஒன்றாகக் கலந்துவிடுங்கள். முதலில் கொட்டும் இரண்டு சாக்கைக் கொத்திய தரையோடு சேர்த்துக் கிளறினால் மேல்மண்ணுக்கும் அடிமண்ணுக்கும் நடுவே கோடு விழாது.

சரி, தண்ணீர். தினமும் மாலையில் மேலாகத் தெளிப்பதுதான் அதிகம் கெடுக்கிற பழக்கம். மேல் இரண்டு அங்குலம் மட்டும் நனைவதால் வேரும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஒருநாள் தண்ணீர் தவறினாலும் செடி துவளும். கோடையில் இந்த அளவு பாத்தி, செடிகள் வளர்ந்த நிலையில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 லிட்டர் இழுக்கும். அதை இரண்டு நாளுக்கு ஒருமுறை 20 லிட்டராக, காலையில், பூவாளியால் வேர்ப்பகுதியில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஓரமாகக் களைக்கொத்தால் தோண்டிப் பார்த்தால் அரை அடி வரை ஈரம் தெரிய வேண்டும். விதை முளைக்கும் வாரங்களிலும் புதிதாக நட்ட நாற்றுக்கும் மட்டும் தினசரித் தெளிப்பு தேவை.

உச்சி வெயிலில் இலை தொங்கி, மாலையில் நிமிர்ந்தால் பயப்பட வேண்டாம். காலையிலேயே தொங்கினால் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரமாகவே இருந்து, அடியிலைகளும் மஞ்சளாகியிருந்தால் தண்ணீர் அதிகம், அப்போது ஊற்றினால் செடி போய்விடும்.

காய்ந்த இலையை இரண்டு அங்குலம் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், தண்டை ஒட்டாமல் போட வேண்டும். ஐப்பசி அடைமழை வந்ததும் மூடாக்கை ஒதுக்கி, செங்கல் இடைவெளிகளில் அடைத்திருக்கும் மண்ணைக் குச்சியால் குத்திவிடுங்கள். மழை முடிந்ததும் கலவை ஒன்றிரண்டு அங்குலம் இறங்கியிருக்கும். அந்த அளவுக்கு மக்கிய உரத்தை மேலே பரப்பினால் போதும், அடிவரை கிளற வேண்டியதில்லை.