ஈசிஜி எடுக்கும்போது கை மாறினால்

வடசென்னையில் ஈசிஜி எடுப்பதுதான் என் வேலை. புதிதாக வரும் பிள்ளைகள் முன்பு நாங்கள் செய்த அதே தப்புகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். பேப்பர் தீர்ந்தது தெரியாமல் பட்டனை அழுத்துவது, நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே எடுப்பது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிவப்பும் மஞ்சளும் இடம் மாறுவது

இன்னும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். எங்கள் மெஷின்களில் வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு. நோயாளியின் கால்மாட்டில் நின்றுகொண்டு அவசரத்தில் கிளிப்பை மாட்டும்போது, நம் வலது அவருடைய இடது என்பது மறந்துபோகும்.

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் ஒருவர் நெஞ்சு வலி என்று வந்தார். புதுப் பையன் எடுத்த ஈசிஜியில் லீட் I என்ற கோடு முழுக்கத் தலைகீழாக இருந்தது. பக்கவாட்டில் பழைய மாரடைப்பு இருக்கலாம் என்று மெஷினே மேலே அச்சடித்துவிட்டது. பயந்துபோன குடும்பம் அவரை ஆட்டோவில் ஏற்றி வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடியது. அங்கே திரும்ப எடுத்ததில் ஒன்றுமில்லை. மறுநாள் அவர் வந்து, "இன்னா தம்பி, நேத்து ஹார்ட் அட்டாக்குன்ன, இன்னிக்கு இல்லன்றாங்க?" என்று கேட்டபோது பையனிடம் பதில் இல்லை. குடும்பத்துக்கு ஒரு நாள் கூலியும் ஒரு ராத்திரித் தூக்கமும் போனதுதான் மிச்சம்.

என்ன நடந்தது? இதயத்தின் மின்சாரம் உடம்பில் பரவித் தோலுக்கு வரும்போது ஒரு மில்லிவோல்ட் அளவுக்குத்தான் மிஞ்சும். ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் மெஷின் வரைகிறது. ஒரு மில்லிவோல்டுக்குப் பேப்பரில் 10 மில்லிமீட்டர். லீட் I என்பது இடது கையிலிருந்து வலது கையைக் கழித்தது. லீட் II, இடது காலிலிருந்து வலது கையைக் கழித்தது. லீட் III, இடது காலிலிருந்து இடது கையைக் கழித்தது. இதயத்தின் மின்னலை பெரும்பாலும் வலது மேலிருந்து இடது கீழாக ஓடுவதால், சாதாரண ஆளுக்கு லீட் I மேல்நோக்கித்தான் வரும்.

அவருக்குச் சரியாக எடுத்ததில் I-இல் 6, II-இல் 10, III-இல் 4 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கை மாறினால் I கீழே 6 ஆகிவிடும். II 4 என்றும் III 10 என்றும் இடம் மாறும். I-யும் III-யும் கூடினால் II வர வேண்டும் என்பது விதி. மாறிய பிறகும் அந்தக் கணக்கு அப்படியே உதைக்காமல் வருகிறது, பாருங்கள். அதனால்தான் மெஷின் சொல்லிவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. சில மெஷின்கள் சந்தேகப்பட்டு எச்சரிக்கும், எல்லாமே அல்ல.

கண்டுபிடிக்க வழி நெஞ்சு லீட்களில் இருக்கிறது. V1 முதல் V6 வரை எல்லாம் இரண்டு கை, இடது கால் மூன்றின் சராசரியோடு ஒப்பிட்டு வரையப்படுபவை. கைகளை மாற்றினாலும் சராசரி மாறாது, எனவே அவை சரியாகவே வரும். லீட் I-உம் V6-உம் இதயத்தை இடப்பக்கத்திலிருந்து பார்ப்பவை, ஆகவே ஜாடை ஒத்திருக்க வேண்டும். I தலைகீழாக, வலது கைப் பக்கமிருந்து பார்க்கும் aVR மேல்நோக்கி, ஆனால் V6 நன்றாக இருந்தால் முதலில் கிளிப்பைப் பாருங்கள். நிஜமாகவே இதயம் வலப்பக்கம் இருப்பவருக்கு V1-இலிருந்து V6 போகப் போக அலை சிறுத்துக்கொண்டே போகும்.

பேனாவால் திருத்த வேண்டாம். நோயாளி படுத்திருக்கும்போதே திரும்ப எடுங்கள்.

V1, V2-வை மேலே வைப்பது

கண்ணளவில் வைக்காதீர்கள். கழுத்துக்குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் நெஞ்செலும்பில் ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா எலும்பு, அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து எண்ணி நான்காவது இடைவெளிக்கு வாருங்கள்.

ஜெல்லை ஒரே கோடாக இழுப்பது

நெஞ்சின் ஆறு லீட்களும் ஒட்டிக்கொண்டு ஒரே மாதிரி வரும். தனித்தனிப் பொட்டாக வையுங்கள்.

தேங்காய் எண்ணெய், வியர்வை

துடையுங்கள். ஃபில்டரைப் போடுவது அப்புறம்.

இடது கையும் இடது காலும் மாறுவது

இது இன்னும் மோசம், ஏனென்றால் பார்த்தால் நார்மல் போலவே இருக்கலாம். லீட் I-உம் II-உம் பெயர் மாறும், III தலைகீழாகும், aVR அப்படியே இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் வரும் சிறிய மேடுதான் P அலை. லீட் I-இன் P அலை II-இன் P அலையைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு சந்தேகம் வர வேண்டும், ஆனால் அதை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. பழைய ஈசிஜியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். நம் ஏரியா ஆட்கள் பழைய ரிப்போர்ட்டை மடித்து மஞ்சப்பையிலேயே வைத்திருப்பார்கள், கிளிப் மாட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.