வாழ்த்தில் பெயரை மாற்றிப் பாருங்கள்

"இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், எல்லா வளமும் நலமும் பெற்றுப் பல்லாண்டு வாழ்க." போன வருஷம் என் அக்காவுக்கு, அதாவது பெரியம்மா மகளுக்கு, நான் அனுப்பியது இதுதான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எனக்கு முன்னால் 11 பேர் கிட்டத்தட்ட இதையே போட்டிருந்தார்கள். சாயங்காலம் அக்கா எல்லோருக்கும் சேர்த்து ஒரு நன்றி சொன்னாள். என்னுடையதைத் தனியாக வாசித்திருப்பாளா தெரியாது, வாசித்திருந்தாலும் அவளுக்கென்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்த வரி தப்பான வரி இல்லை. ஆனால் அக்கா பெயரை எடுத்துவிட்டு என் மேனேஜர் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். அனுப்புவதற்கு முன் இப்படிப் பெயரை மாற்றிப் பாருங்கள், பொருந்திவிட்டால் அது இன்னும் யாருக்கும் எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

இது உறைத்ததும் பெரும்பாலோர் செய்கிற அடுத்த தவறு, புகழ்ச்சியைக் கூட்டுவது. "தங்கமான மனசு, எல்லோருக்கும் ஓடி வந்து உதவுபவள்" என்று எழுதினால் நீளம்தான் கூடும், ஏனென்றால் அது அவளைப் பற்றி நாம் எழுதிய தீர்ப்பு. நடந்த ஒன்றைச் சொன்னால்தான் அவளால் அதில் தன்னைப் பார்க்க முடியும்.

இதைவிட ஏமாற்றுகிற தவறு ஒன்று உண்டு. "நாம் சேர்ந்து கழித்த நாட்களை மறக்கவே முடியாது" என்பது பார்த்தால் நினைவு மாதிரி இருக்கும், ஆனால் அதற்குள் ஒரு நாள்கூட இல்லை. இந்த வருஷம் நானும் முதலில் அதைத்தான் எழுதினேன். அழித்துவிட்டு "நீ எனக்கு ஸ்கூட்டி கற்றுக்கொடுத்ததை மறக்க மாட்டேன்" என்று மாற்றினேன். பரவாயில்லை, ஆனால் அதுவும் வெறும் தலைப்புதான். அப்புறம் உட்கார்ந்து, அதில் எந்த நாள் என்று என்னையே கேட்டபோதுதான் இது வந்தது:

"அக்கா, ரேஷன் கடை வளைவுல மணல்ல வண்டியோட விழுந்தோமே, ஞாபகம் இருக்கா? எனக்கு முட்டியில ரத்தம். நீ எந்திரிச்சு முதல்ல மண்ணெண்ணெய் கேனத் தூக்கிப் பாத்துட்டு, 'ஒரு சொட்டு கொட்டல, எந்திரி, நீயே ஓட்டு'ன்ன. அன்னிக்கு நீ வண்டிய வாங்கி ஓட்டியிருந்தா நான் அதுக்கப்புறம் தொட்டிருக்கவே மாட்டேன். இப்ப தினமும் ஆபீசுக்கு வண்டியிலதான் போறேன். பிறந்தநாள் வாழ்த்துகள்க்கா. அடுத்த தடவ ஊருக்கு வரும்போது நீ பின்னாடி உக்காரு, திருச்செந்தூர் வரைக்கும் நான் ஓட்டுறேன்."

தைரியசாலி, பாசக்காரி என்ற வார்த்தைகள் இதில் எங்கேயும் கிடையாது. "நீயே ஓட்டு" என்று அவள் சொன்னதை அவள் வாயாலேயே திருப்பிச் சொன்னதில் அதெல்லாம் வந்துவிட்டது. கேன் என்ற ஒரு பொருள் இருப்பதால் அந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. கடைசியில் வரும் வாழ்த்தும் அந்த வண்டியிலிருந்தே பிறக்கிறது, அதனால் "உன் கனவுகள் எல்லாம் நிறைவேறட்டும்" என்று ஒரு வரியை மேலே போட்டு மூட வேண்டியதில்லை, அப்படி மூடினால் முன்னால் சொன்ன நினைவும் நீர்த்துப்போகும்.

நினைவைத் தேர்ந்தெடுக்கும்போதும் சறுக்க இடம் இருக்கிறது. பிறந்தநாள் அவருடையது, ஆனால் நான் விழுந்தேன், நான் அழுதேன், நான் ஜெயித்தேன் என்று கதை முழுக்க நம்மைப் பற்றியே போய்விடும், எழுதி முடித்ததும் அவர் அதில் என்ன செய்தார் என்று தேடிப் பாருங்கள். நாலைந்து நினைவுகளை அடுக்கினாலும் எதுவும் நிற்காது, ஒன்று போதும். கடன், பரீட்சையில் போனது, பழைய காதல், ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் இதெல்லாம் குரூப்பில் எழுதுகிற விஷயமே இல்லை, சொல்லியே ஆக வேண்டுமென்றால் தனியாக அனுப்புங்கள்.

அவ்வளவு பழக்கமில்லாதவர் என்றால் பெரிய நினைவைத் தேடி அலைய வேண்டாம். "போன வாரம் லிஃப்ட் நின்றுபோன அன்று என் பையையும் சேர்த்து மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்தீர்களே" என்ற ஒரு வரி போதும். அதுவும் இல்லையென்றால் வெறும் "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று நிறுத்திக்கொள்வது நல்லது, இல்லாத நெருக்கத்தைக் காட்டும் வரிகள் சீக்கிரம் வெளுத்துவிடும்.

நினைவில் ஏதாவது மங்கலாக இருந்தால் ஊகித்து நிரப்பாமல் கேட்டுவிடுங்கள். அன்று வண்டியின் கண்ணாடி உடைந்ததா என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, அதையும் கடைசியில் கேட்டு அக்காவுக்குத் தனியாக அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "கண்ணாடி எங்கடா உடைஞ்சது, உடைஞ்சது என் வளையல்" என்றுதான் ஆரம்பித்தாள்.