புதுக் கடைக்கு விற்பனைக் கணிப்பு: முதல் நாள் கூட்டத்தை நம்பாதீர்கள்

மரச்செக்கு எண்ணெய்க் கடை போடப் போகிறேன், கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வருகிறவர்களின் தாளில் பெரும்பாலும் அதே தவறுகள்தான். வாடகையை விட்டது, கூட்டல் பிழை இதெல்லாம் தானாகக் கண்ணில் பட்டுவிடும், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் தடவை வாங்கியதை மாத விற்பனையாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். திருப்பூரில் தெரிந்த தம்பி ஒருவர், 300 வீடுகள் உள்ள குடியிருப்பின் வாசலில் ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டார். வீட்டுக்கு ஒரு லிட்டராக 40 லிட்டர் கடலை எண்ணெய் மதியத்துக்குள் காலி. "வாரம் 40, மாசம் 160. இதே மாதிரி நாலு இடம் பிடிச்சா 640 லிட்டருங்ணா" என்றார். ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும், ஆக 1,600 கிலோவை ஒரே தடவையில் இறக்கிவிட்டார். பாதிக்கு மேல் குடோனில் கிடந்து பூச்சி விழுந்தது, ஆட்டி வைத்த எண்ணெயிலோ காறல் வாடை.

ஒரு லிட்டர் வாங்கிய வீடு அடுத்த ஞாயிறே மறுபடி ஏன் வாங்கப் போகிறது? அந்த 40 பேரில் 12 பேர் அவருடைய சொந்தபந்தமும் நண்பர்களும், அவர்களைக் கழித்தால் மீதி 28. நல்லவேளையாகப் போன் நம்பர் எழுதி வைத்திருந்தார். ஐந்து வாரம் கழித்துப் பார்த்தால் அதில் திரும்ப வாங்கியது 9 வீடு, வீட்டுக்கு மாதம் இரண்டு லிட்டர் என்று வைத்தாலும் 18 லிட்டர்தான். நாலு இடத்துக்கும் சேர்த்து 72, அவர் எழுதியதோ 640! வாய்வழியாகப் பரவி இது கூடலாம், ஆனால் கூடிய பிறகு எழுதிக்கொள்ளலாமே. சோதனை விற்பனையை, வாங்கிய பாட்டில் இரண்டு முறை தீரும் காலம் வரைக்கும் நடத்துங்கள், திரும்பி வந்தவர்களை மட்டும் எண்ணுங்கள்.

அறிமுகச் சலுகையில் சோதிப்பது

வேண்டாம். முழு விலைக்கு விற்றுப் பாருங்கள்.

பக்கத்துக் கடையை சனிக்கிழமை சாயங்காலம் எட்டிப் பார்ப்பது

அன்றைய கூட்டத்தை முப்பதால் பெருக்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும். கடை திறந்ததும் சின்னதாக ஏதாவது வாங்கி ரசீது எண்ணைக் குறியுங்கள், மூடுவதற்கு முன் இன்னொன்று வாங்குங்கள், நடுவில் எத்தனை பில் போட்டார்கள் என்பது தெரிந்துவிடும். பில் இல்லாமல் கொடுப்பது இதில் வராது, இரண்டு கவுன்டர் இருந்தால் வரிசையும் தனித்தனியாக இருக்கலாம். சம்பளம் வந்த வாரத்தில் ஒரு நாள், மாதக் கடைசியில் ஒரு நாள், இரண்டையும் எடுங்கள். அப்புறம், பத்து வருடக் கடையோடு ஒப்பிட்டுப் பயனில்லை, ஒன்றிரண்டு வருடத்துக்குள் திறந்ததாகப் பார்த்து இரண்டு மூன்று கடையைத் தேடுங்கள்.

சோதனை விற்பனையும் பக்கத்துக் கடைக் கணக்கும் தரும் இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால்

நடுவில் ஒன்றைப் பிடிக்காதீர்கள். முதல் மூன்று மாதச் சரக்கைச் சின்ன எண்ணுக்கு வாங்குங்கள், பெரிய எண்ணைக் கடனுக்காக வங்கியில் காட்டவும் வேண்டாம், தவணை அதற்கேற்ப ஏறிவிடும்.