வடிகாலில் விழுந்த சாவி: பாயிண்ட் அண்ட் கிளிக் கேமுக்கு ஒரு புதிர்ச் சங்கிலி கட்டுவது எப்படி

திரையில் கிளிக் செய்து பொருள்களை எடுத்து, சேர்த்து விளையாடும் பாயிண்ட் அண்ட் கிளிக் கேமில் புதிரை உருவாக்குபவர் முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவார். விளையாடுபவரோ கையில் கிடைத்த பொருளிலிருந்து முன்னோக்கிப் போவார். அதனால் உருவாக்கியவருக்குத் தெளிவாகத் தெரியும் காரணம் விளையாடுபவருக்கு விநோதமாகப் படுகிறது. ஒரு சின்னப் புதிரைக் கட்டிப் பார்த்தால் இது பிடிபடும்.

முதல் படி: பூட்டிலிருந்து தொடங்குங்கள்

கடைச் சாவி வடிகாலுக்குள் விழுந்துவிட்டது. கை எட்டாது. எடுக்க வேண்டும். இந்தச் சிக்கல்தான் நம் பூட்டு. அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே பின்னால் போங்கள்:

```
சாவி     ← காந்தம் + நூல்
காந்தம்  ← பழைய ரேடியோ + ஸ்க்ரூடிரைவர்
நூல்     ← மரத்தில் சிக்கிய பட்டம் + குச்சி
```

ரேடியோ ஸ்பீக்கரின் பின்னால் காந்தம் இருக்கும். பெரும்பாலும் வளைய வடிவில் இருப்பதால் நூலை அதன் துளைக்குள் கோத்துக் கட்டலாம். காந்தத்துக்கும் நூலுக்கும் இரண்டு தனி வழிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்றில் மாட்டிக்கொண்டவர் இன்னொன்றைத் தொடரலாம். எல்லாம் ஒரே வரிசையில் இருந்தால், ஒரு கண்ணி புரியாதபோது கேமே நின்றுவிடும்.

இரண்டாம் படி: பொருளின் இயல்பைச் சரிபாருங்கள்

இங்கேதான் பெரும்பாலான தொடக்கப் புதிர்கள் உடைகின்றன. படத்தில் சாவியை மஞ்சளாக வரைந்தால் பித்தளை என்று நினைப்பார்கள். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, ஆகவே சரியாக யோசிப்பவர்தான் முதலில் ஏமாறுவார். சாவியைச் சாம்பல் நிறத்தில், ஓரத்தில் துரு தெரிய வரையுங்கள். வடிகால் மூடி இரும்புக் கம்பியாக இருந்தால் காந்தம் மூடியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் ஓட்டை வைத்த சிமெண்ட் ஸ்லாப்பாக மாற்றுங்கள். காந்தம் நுழையும் அளவுக்கு அந்த ஓட்டை அகலமாகவும் தெரிய வேண்டும்.

மூன்றாம் படி: பூட்டை முதலில் காட்டுங்கள்

மங்கி ஐலண்ட் கேமை வடிவமைத்த ரான் கில்பர்ட் 1989-இல் எழுதிய கட்டுரையில், தீர்வு முதலில் கிடைத்து, சிக்கல் பிறகு தெரியவரும் புதிர்களைத் தவிர்க்கச் சொன்னார். நம் கேமில் வடிகால் முதல் காட்சியிலும், ரேடியோ அதற்கடுத்த காட்சிகளிலும் வர வேண்டும். ரேடியோவை முதலில் பார்ப்பவருக்கு அதைப் பிரிக்க ஒரு காரணமும் கிடையாது. கண்ணில் பட்டதையெல்லாம் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம்தான் மிஞ்சும்.

1999-இல் வந்த ‘தி லாங்கஸ்ட் ஜர்னி’ கேமிலும் இதே போன்ற சிக்கல்தான்: சுரங்க ரயில் தண்டவாளத்தில் ஒரு சாவி. துணி உலர்த்தும் கயிறு, ஒரு கிளாம்ப், காற்று இறங்கும் ரப்பர் வாத்து மூன்றையும் சேர்த்துக் கீழே இறக்க வேண்டும். வாத்தின் காற்று இறங்க இறங்க கிளாம்ப் மூடிக்கொண்டு சாவியைப் பிடிக்கும். இயந்திரமாகப் பார்த்தால் இது வேலை செய்யும் என்று நம்பலாம். ஆனால் வாத்தைப் பார்த்ததும் யாருக்கும் கிளாம்ப் ஞாபகம் வராது. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்க எந்த ஒரு பொருளும் தனியாகத் துப்பு தருவதில்லை. காந்தமும் சாவியும் ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன. வாத்துக்கும் சாவிக்கும் அந்த உறவு இல்லை. பலர் அந்தப் புதிரைக் குறைசொல்வது, என் பார்வையில், நியாயமே.

நான்காம் படி: தவறான முயற்சிக்குப் பதில் எழுதுங்கள்

கையில் 8 பொருள், திரையில் கிளிக் செய்ய 6 இடம் என்று வையுங்கள். பொருளை இடத்தில் பயன்படுத்த 48 வழி, பொருளோடு பொருளைச் சேர்க்க 28 வழி, மொத்தம் 76. எல்லாவற்றுக்கும் ‘அது வேலைக்கு ஆகாது’ என்று ஒரே பதில் வந்தால், யோசிப்பதை விட்டு வரிசையாகக் கிளிக் செய்யத் தொடங்குவார்கள்.

76-க்கும் எழுதத் தேவையில்லை. நியாயமான முயற்சிகளுக்கு மட்டும் எழுதுங்கள். குச்சி கையில் இருப்பதால் முதலில் அதைத்தான் வடிகாலில் விடுவார்கள். ‘குச்சி சாவியைத் தொடுகிறது, ஆனால் தூக்க முடியவில்லை. சாவி ஒட்டிக்கொண்டு வந்தால்தான் உண்டு’ என்று பதில் வரட்டும். நூலை மட்டும் விட்டால், ‘நூல் அடிவரை போகிறது, முனையில் பிடிக்க ஒன்றுமில்லை’ என்று வரட்டும். இப்போது மீதம் என்ன தேவை என்பது தெரிந்துவிடும். காந்தத்தை ஸ்லாப்பில் வைத்தாலோ, ‘கை ஓட்டைக்குள் போகவில்லை’ என்று சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: வாயை மூடிக்கொண்டு பாருங்கள்

கேமைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, விளக்கம் சொல்லாமல், அவர் எதை எதோடு சேர்க்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே தவறான முயற்சியைச் செய்தால் அதற்குப் பதில் எழுதுங்கள், அல்லது அதையும் சரியான விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். குச்சி முனையில் காந்தத்தைக் கட்டிச் சாவியை எடுக்க யாராவது முயன்றால், அதை மறுக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை. அப்போது நூல் காந்தத்தைக் குச்சியில் கட்டுவதற்கு மட்டும் பயன்படும்.