பிரிண்டிங் ஒப்பந்தப் புதுப்பிப்பு: திரும்பி வந்த கடிதத்தைத் திருத்திய விதம்

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு பனியன் பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்கிறோம். புதுப்பிப்புக் கடிதத்தில் '48 ஆர்டரில் 46 குறித்த நாளில் கொடுத்தோம்' என்று எழுதியிருந்தேன். நிறுவனம் ஏற்கவில்லை. அவர்கள் கணக்கில் 41தான்.

நான் எண்ணியது எங்கள் டெலிவரி சலான் தேதி. அவர்கள் பார்ப்பது வரவுப் பதிவேடு. வித்தியாசமாக வந்த 5 ஆர்டரும் சனிக்கிழமை மாலை அவர்களுடைய வாசல் கேட்டுக்குப் போய், திங்களன்று பதிவானவை. மீதி 2 தாமதத்துக்குக் காரணம், துணி எங்களுக்கே பிந்தி வந்தது.

திருத்தியபோது அவர்களுடைய 41ஐயே முதல் வரியில் வைத்தேன். கீழே 7 ஆர்டருக்கும் சலான் எண், கேட் முத்திரை நேரம், துணி வந்த தேதி. அதிலிருந்தே கோரிக்கை பிறந்தது: இனி கேட் முத்திரை நேரமே பெற்ற நேரம், துணி 10 நாள் முன்னதாக வர வேண்டும்.

பணம் வரும் கெடுவை 60 நாளிலிருந்து 45 ஆக்கக் கேட்டேன். உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி 45 நாளே உச்சவரம்பு. அதைத் தாண்டினால் வருமான வரியில் அந்தச் செலவைக் கழிப்பது, பணம் கொடுக்கும் ஆண்டுக்கு அவர்களுக்கே தள்ளிப்போகும். இதைத்தான் கணக்குப் பிரிவு கவனித்தது. பதிலுக்கு, 2 சதவீதத்துக்கு மேல் பிரிண்ட் பழுதானால் துணி விலையையும் ஏற்பதாக எழுதினேன். கூலி உயர்வு கடைசிப் பத்தியில்தான்.