தங்கையின் மஹரை மீட்ட கதை

தங்கையின் நிக்காஹ் தப்தரில், அதாவது திருமணப் பதிவேட்டில், மாப்பிள்ளை அவளுக்குத் தர வேண்டிய மஹர் பத்துப் பவுன் நகை என்றும், அது பாக்கி என்றும் எழுதியிருந்தது. பிரிய விரும்பியவர் மாப்பிள்ளை. ஆனால் அவர் வீட்டார் ஜமாஅத்தில் நீட்டியதோ, அவளே குலா கேட்பதாக எழுதிய கடிதம். குலாவில் பெண் வழக்கமாக மஹரை விட்டுக்கொடுத்தே விடுதலை பெறுகிறாள். கையெழுத்திட்டிருந்தால் பத்துப் பவுனும் போயிருக்கும். மறுத்தோம், அவரே முறைப்படி தலாக் சொன்னார்.

பிறகு, திருமணத்தன்று அவர்கள் போட்ட சங்கிலிதான் மஹர் என்றார்கள். அதற்கு விடை தப்தரிலேயே இருந்தது. கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தால் எங்கள் பாடு திண்டாட்டம்தான். ஜமாஅத் முத்திரையுடன் நகல் வாங்கி, வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பினோம். கல்யாணக் காலத்து விலையில் பணம் தருவதாகப் பதில் வந்தது. எழுதியது பவுன், ரூபாய் அல்ல, தங்கமாகவே கேட்டோம்.

அசையவில்லை. 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டம், 3ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். மஹரோடு, பெற்றோரும் உறவினரும் போட்ட நகைகளையும் இதே மனுவில் கேட்கலாம். கடைப் பில்களைச் சேர்த்தோம். ஒரு மாதத்தில் உத்தரவு என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும், எங்களுக்கும் இழுத்தது. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை என்று அவர்களுடைய வழக்கறிஞரே எடுத்துச் சொன்ன பிறகு, நீதிமன்றத்தில் வைத்து நகைகளை எடைபோட்டுக் கொடுத்தார்கள்.