"4 மணி நேரத்தில் பதில்": டீம் உடன்பாடு எழுதும்போது செய்யக்கூடாத தவறுகள்

புதிதாக ஒரு டீம் சேர்ந்ததும் "நமக்கென்று ஒரு வொர்க்கிங் அக்ரிமென்ட் எழுதிக்கொள்வோம்" என்று உட்காருவார்கள். எத்தனை மணி நேரத்தில் பதில், மீட்டிங்கில் எப்படி நடந்துகொள்வது, கருத்து வேறுபட்டால் எங்கே சொல்வது எல்லாம் ஒரு பக்கத்தில் வந்துவிடும். நேரத்துக்கு வர வேண்டும், மரியாதையாகப் பேச வேண்டும் போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பார்ப்பதற்கு நன்றாக இருந்து, பல நாள் வேலையைத் தின்றுவிடும் ஒரு வரி திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. இங்கே பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

பதில் நேரத்தை ஒரே எண்ணில் முடிப்பது

"எல்லாச் செய்திகளுக்கும் 4 வேலை மணி நேரத்துக்குள் பதில் அளிக்கப்படும்." அந்த வரி இதுதான். இதில் என்ன குறை என்று கேட்கத் தோன்றும். ஒரு உதாரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சென்னையில் ஐந்து பேர், நியூ ஜெர்சியில் இரண்டு பேர். சென்னையில் வேலை நேரம் காலை 11 முதல் இரவு 8 வரை. அங்கே காலை 9 முதல் மாலை 5 வரை. ஜனவரி மாதத்தில் நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அவர்களுடைய காலை 9 மணி நமக்கு இரவு 7:30. இரண்டு பக்கமும் சேர்ந்து வேலையில் இருக்கும் நேரம் அரை மணிதான்.

செவ்வாய் மாலை 5 மணிக்குச் சென்னையிலிருந்து ஒருவர் ஸ்லாக்கில் கேட்கிறார்: "ரிப்போர்ட்டில் தொகை இல்லாத வரிகளை என்ன செய்வது?" அங்கே அப்போது காலை 6:30. அங்குள்ளவர் 9 மணிக்கு வந்து, 10 மணிக்குள் பதில் போட்டுவிடுகிறார்: "எந்த ரிப்போர்ட்?" நமக்கு அது இரவு 8:30. கேட்டவர் கிளம்பிவிட்டார். புதன் காலை 11 மணிக்கு வந்து பார்த்து, 11:30க்குள் "மாதாந்திர ரிப்போர்ட்" என்று எழுதுகிறார். அங்கே நள்ளிரவு தாண்டி 1 மணி. அவர் புதன் காலை 10 மணிக்கு "பூஜ்யம் போடாதீர்கள், காலியாக விடுங்கள்" என்கிறார். சென்னையில் அதைப் படிக்கும்போது வியாழன் காலை 11 மணி.

இதில் யாரும் உடன்பாட்டை மீறவில்லை. ஒவ்வொரு பதிலும் ஒரு வேலை மணி நேரத்துக்குள் வந்திருக்கிறது. இருந்தும் புதன்கிழமை முழுவதும் அந்த வேலை நகரவில்லை. இதே கேள்வி வியாழன் மாலை கேட்கப்பட்டிருந்தால் விடை கைக்கு வர திங்கள் ஆகியிருக்கும். மாதக் கடைசியில் "ஏன் தாமதம்" என்று விசாரித்தால், எல்லோரும் "நான் சரியான நேரத்துக்குப் பதில் போட்டேனே" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மையும்கூட. எரிச்சல் வருவது அதனால்தான்: விதியை யாரும் மீறாததால், தவறு விதியிலேயே இருக்கிறது என்பது கண்ணில் படுவதே இல்லை. அடுத்து என்ன செய்வார்கள் தெரியுமா? 4 மணியை 2 மணி ஆக்குவார்கள். புதன்கிழமை அப்போதும் வீண்தான். கூடவே, எல்லோரும் நாள் முழுக்கச் செய்திகளைத் திறந்து வைத்துக்கொண்டு எந்த வேலையிலும் தொடர்ச்சியாக உட்கார முடியாமல் தவிப்பார்கள்.

கடிகாரத்தைச் சுருக்குவதால் பயனில்லை. கேள்வி எத்தனை முறை கடல் தாண்டிப் போய் வருகிறது என்பதைக் குறைக்க வேண்டும். அதற்கு உடன்பாட்டில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்.

முதலாவது, கேட்பவரின் கடமை. பதில் சொல்பவருக்கு மட்டும் விதி எழுதி, கேட்பவரைச் சும்மா விட்டுவிடுகிறோம். எந்த ரிப்போர்ட், என்னென்ன வழிகள் இருக்கின்றன, தான் எதைச் சரியென நினைக்கிறார் என்று கேள்வியிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது, பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்பது. மேலே சொன்ன கேள்வியை இப்படி எழுதியிருக்கலாம்:

> மாதாந்திர ரிப்போர்ட்டில் தொகை இல்லாத வரிகள் 40 இருக்கின்றன. பூஜ்யம் போடலாம், காலியாகவும் விடலாம். பூஜ்யம் போட்டால் சராசரி குறைந்துவிடும் என்பதால் காலியாக விடுவதே சரி என நினைக்கிறேன். புதன் காலை 11 மணிக்குள் (சென்னை நேரம்) மறுப்பு வராவிட்டால் அப்படியே தொடர்கிறேன்.

நியூ ஜெர்சியில் இருப்பவருக்கு யோசித்துப் பதில் சொல்ல அவருடைய ஒரு முழு வேலை நாள் இருக்கிறது. புதன்கிழமையும் தப்பிக்கிறது. ஆனால் இதற்கு எல்லை வேண்டும். டேட்டாவை அழிப்பது, வாடிக்கையாளருக்கு மெயில் போவது, பணம் நகர்வது போல திரும்பப் பெற முடியாதவற்றில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தனி வரியாக எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, எது பதில் என்பது. "பார்க்கிறேன்" என்பதும் கட்டைவிரல் குறியும் பார்த்ததற்கான அடையாளம் மட்டுமே. அதைப் போடுபவர், விடை எப்போது வரும் என்று ஒரு நாளையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான்காவது, வழி. சர்வர் நின்றுவிட்டால் போன். அன்றைக்கே தேவையானது ஸ்லாக். மற்றவை மெயிலில், அடுத்த வேலை நாளுக்குள். மூன்றுக்கும் ஒரே எண்ணை வைத்தால், அவசரமில்லாததும் அவசரம் போலவே வந்து நிற்கும்.

மீட்டிங் நேரத்தை எந்த ஊர்க் கடிகாரத்தில் வைப்பது என்று எழுதாமல் விடுவது

அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி மாற்றுவார்கள். நாம் மாற்றுவதில்லை. அழைப்பை நியூயார்க் நேரத்தில் உருவாக்கியிருந்தால், இரவு 7:30 மீட்டிங் மார்ச்சில் 6:30 ஆகிவிடும். சென்னை நேரத்தில் உருவாக்கியிருந்தால் நகர வேண்டியவர்கள் அவர்கள். எதுவானாலும் சரி, ஒன்றைத் தேர்ந்து எழுதுங்கள். கோடையில் சேர்ந்திருக்கும் நேரம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணியாகக் கூடும். அந்தக் கூடுதல் நேரத்தை இன்னொரு மீட்டிங் விழுங்கிவிடாமல், நேரடியாகப் பேசி முடிக்க வேண்டிய கேள்விகளுக்கு ஒதுக்கி வையுங்கள்.

"எல்லோரும் கேமரா ஆன் செய்ய வேண்டும்"

எழுதாதீர்கள். இரவு 7:30க்கு வீட்டுக் கூடத்திலிருந்து சேருபவருக்கு அது தண்டனை.

"கருத்து வேறுபாடுகளைத் திறந்த மனதோடு பேசுவோம்"

இதை யாராவது மீறினால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முடியாது. அப்படியென்றால் அது உடன்பாடாகாது.

நம் அலுவலகங்களில் சிக்கல் வேறு மாதிரி வரும். லீட் ஒன்றைச் சொல்வார், மீட்டிங்கில் அமைதியாக இருக்கும். பிறகு டீக்கடையில் "அது சரிவராதுங்க, சார்கிட்ட யாரு சொல்றது?" என்று பேச்சு ஓடும். ஆகவே மறுப்புக்கு ஒரு வழியை அமைத்துக் கொடுக்க வேண்டும். முடிவை எழுதிப் போட்டு, மறுப்புக்கு ஒரு முழு வேலை நாள் விடுங்கள். மறுப்பு மூன்று வரியில் இருக்கட்டும்: எதை ஏற்கவில்லை, அப்படியே போனால் என்ன ஆகும், மாற்றாக என்ன செய்யலாம். மீட்டிங்கில் பேசினால் அனுபவம் குறைந்தவர் முதலில், லீட் கடைசியில். இறுதி முடிவு யாருடையது என்பதைப் பெயரோடு எழுதுங்கள். முடிவெடுத்த பின் புதிய தகவல் வந்தால் மட்டுமே மறுபடி திறக்கலாம்.

லீட் தனியாக எழுதி ஒட்டுவது

மற்றவர்கள் கையெழுத்து மட்டும் போட்ட தாளாகத்தான் அது இருக்கும்.

திருத்தும் தேதி இல்லாமல் விடுவது

ஆறு வாரம் கழித்து ஒரு தேதியை இன்றே காலண்டரில் போடுங்கள். அன்றைக்கு "எல்லோரும் பின்பற்றுகிறோமா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதில் ஸ்லாக்கில் கடைசிப் பத்து கேள்விகளைத் திறந்து, ஒவ்வொன்றும் விடை வருவதற்கு எத்தனை முறை போய் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் போனவற்றில், கேள்வியில் விடுபட்ட தகவல் என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே தகவல்தான் திரும்பத் திரும்ப விடுபட்டிருக்கும். அதைக் கேட்பவரின் கடமையில் சேர்த்துவிடுங்கள்.